எந்தப் பங்கு என்பதை விட எவ்வளவு என்பதுதான் பெரிது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேராவது வந்து இருப்பார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் காசை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அம்மாமார். நான் முப்பது வருடம் கணக்கு வேலை பார்த்தவன், கொழும்புப் பங்குச் சந்தையில் என் சொந்தக் காசைப் போட்டு வருபவன். வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. அதற்குப் பதிலாக நான் சொல்பவற்றை, அவர்கள் கேட்ட கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

"ஒரு நல்ல கம்பனியைத் தேடிப் பிடித்து அதில் போட்டால் போதாதா அண்ணா? ஏன் பத்து இடத்தில் பிரிக்க வேண்டும்?"

தேடிப் பிடிப்பது நாம் நினைப்பதை விட மிகவும் கடினம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறக்குறைய 26,000 பங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை சந்தையில் இருந்த காலம் முழுவதும் என்ன ஈட்டின என்று கணக்குப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பங்குகள், அரசாங்கம் ஒரு மாதத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியல் தரும் வட்டியைக் கூடத் தரவில்லை. அந்தத் தொண்ணூறு வருடத்தில் திறைசேரி உண்டியலுக்கு மேலாகச் சந்தை உண்டாக்கிய செல்வம் முழுவதும், நூறு கம்பனிகளில் நான்கு கம்பனிகளுக்குள் அடங்கிவிட்டது. மற்றத் தொண்ணூற்றாறும் சேர்ந்து உண்டியல் அளவுக்கே நின்றன.

உலகத்திலேயே நன்றாக வளர்ந்த சந்தைகளில் ஒன்றிலேயே நிலைமை இதுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பங்கை எடுத்தால் அது சராசரியை விடக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் சராசரியை மேலே தூக்குபவை ஒரு சில பங்குகள் மட்டுமே. அந்த நாலு எது என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரிக்கத் தேவையில்லைதான். தெரியாது என்பதால் அவை நம் பைக்குள்ளும் எங்கேயாவது இருக்கும்படி நிறையப் பங்குகளை வாங்கி வைக்கிறோம். பிரிப்பது பயத்தினால் செய்யும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாலையும் தவறவிடாமல் இருப்பதற்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது.

"சரி, என் தெரிவு சரியானதுதான் என்று வையுங்கள். லாபம் வரும் பக்கம்தான் சாய்கிறது. அப்போது முழுக்காசையும் போடலாம்தானே?"

இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். படித்தவர்களும் இதில்தான் விழுகிறார்கள். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

ஒரு முதலீடு இருக்கிறது என்று வைப்போம். வருடத்துக்கு ஒரு தடவை நாணயம் சுண்டுவது போல. தலை விழுந்தால் போட்ட காசு 50 வீதம் கூடும். பூ விழுந்தால் 40 வீதம் குறையும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. கூட்டல் 50, கழித்தல் 40, சராசரி எடுத்தால் ஒரு தடவைக்கு 5 வீத லாபம். யாரிடம் கேட்டாலும் நல்ல தெரிவு என்றுதான் சொல்வார்கள். சாய்வு நம் பக்கம்தான்.

இப்போது ஒரு இலட்சம் ரூபாயை முழுவதுமாகப் போடுங்கள். முதல் வருடம் தலை, 150,000 ஆகிறது. அடுத்த வருடம் பூ, 150,000 இல் 40 வீதம் போக மிஞ்சுவது 90,000. ஒரு தலை, ஒரு பூ, பத்தாயிரம் நட்டம். முதலில் பூ விழுந்து பிறகு தலை விழுந்தாலும் அதே 90,000 தான். இருபது வருடம் விளையாடிப் பத்துத் தலை, பத்துப் பூ என்று நியாயமாகவே விழுந்தால் கையில் இருப்பது ஏறக்குறைய 35,000 ரூபாய். லாபம் தரும் முதலீடு, சரியான தெரிவு, ஆனால் போட்ட காசில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

ஏன் இப்படி? நட்டம் பெரிய தொகையிலிருந்து கழிகிறது, லாபம் சிறிய தொகையில் கூடுகிறது. 20 வீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர 25 வீதம் ஏற வேண்டும். 50 வீதம் விழுந்தால் 100 வீதம். 90 வீதம் விழுந்தால் மிஞ்சியது பத்து மடங்காக வேண்டும். பள்ளம் ஆழமாக ஆழமாக ஏற வேண்டிய உயரம் அதை விட வேகமாகக் கூடுகிறது.

அதே முதலீட்டில் ஒவ்வொரு வருடமும் கையிலுள்ள காசில் பாதியை மட்டும் போட்டு, மறு பாதியைச் சும்மா வைத்திருந்தால்? தலை விழுந்தால் மொத்தம் 25 வீதம் கூடும், பூ விழுந்தால் 20 வீதம் குறையும். 125,000, அடுத்தது 100,000. இருபது வருடத்தில் போட்ட இடத்திலேயே நிற்கிறோம். நாலில் ஒரு பங்கை மட்டும் போட்டால்? 112,500, அடுத்தது 101,250. இருபது வருடத்தில் 113,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

தெரிவு ஒன்றுதான். நாணயம் ஒன்றுதான். மாறியது எவ்வளவு போட்டோம் என்பது மட்டும். ஒருவர் முதலை இழக்கிறார், ஒருவர் நின்ற இடத்தில் நிற்கிறார், ஒருவர் வளர்கிறார். எந்தப் பங்கு என்பதை விட எவ்வளவு என்பது பெரிது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுக்காசையும் போட்டு இருபது வருடம் விளையாடும் நாலு பேரில் மூன்று பேர் நட்டத்தில் முடிப்பார்கள். நாலாவது ஆளுக்கு நல்ல லாபம் வரும், சில வேளை மிகப் பெரிய லாபம் வரும். கல்யாண வீட்டில் கதை சொல்பவர் அந்த நாலாவது ஆள். மற்ற மூவரும் வாய் திறப்பதில்லை.

"நாலில் ஒரு பங்கு மட்டும் போட்டால் மிச்சக் காசு சும்மா கிடக்குமே? இருபது வருடத்துக்குப் பதின்மூவாயிரம் ஒரு லாபமா?"

நியாயமான கேள்வி. பிரிப்பதன் பலன் இந்த இடத்தில்தான் வருகிறது.

அதே மாதிரி நாலு முதலீடு இருக்கிறது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, நாலு தனி நாணயங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 25,000 போடுகிறீர்கள். காசு எதுவும் சும்மா கிடக்கவில்லை, முழு இலட்சமும் உழைக்கிறது. நாலும் ஒரே வருடத்தில் பூ விழுவதற்கு பதினாறில் ஒரு வாய்ப்புத்தான். இரண்டு தலை, இரண்டு பூ என்று விழுந்தால் அந்த வருடம் 5 வீத லாபம். மூன்று தலை விழுந்தால் 27.5 வீத லாபம், மூன்று பூ விழுந்தால் 17.5 வீத நட்டம். வருட முடிவில் நாலையும் மறுபடி சமமாக்கிக்கொண்டு போனால், நீண்ட காலத்தில் பணம் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை வீதம் வளர்கிறது. இருபது வருடத்தில் ஒரு இலட்சம் 160,000 ரூபாய் அளவுக்கு வருகிறது.

ஒரே முதலீட்டில் முழுக்காசு என்றால் 35,000. அதே தரமான நாலு முதலீட்டில் பிரித்தால் 160,000. இந்த நாலில் ஒன்று கூட மற்றதை விடச் சிறந்தது கிடையாது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு வெற்றிக்காரனையும் தெரிவு செய்யவில்லை.

பத்து, இருபது என்று கூட்டினால் இன்னும் நல்லது, ஆனால் கூடும் பலன் குறைந்துகொண்டே போகும். ஆட்டத்தின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படிதான் குறையும். ஒன்றிலிருந்து நாலுக்குப் போனால் ஆட்டம் பாதியாகும். நாலிலிருந்து பதினாறுக்குப் போனால்தான் மறுபடி பாதியாகும். இதெல்லாம் அவை உண்மையிலேயே தனித்தனி நாணயமாக இருந்தால் மட்டும்.

"நான் ஏற்கெனவே ஏழு பங்கு வைத்திருக்கிறேன். நான் பிரித்துத்தானே போட்டிருக்கிறேன்?"

எந்த ஏழு என்று கேட்டேன். இரண்டு வங்கி, இரண்டு நிதிக் கம்பனி, ஒரு காப்புறுதி, ஒரு கட்டட நிறுவனம், ஒரு காணி விற்கும் கம்பனி. வட்டி வீதம் ஏறினால் ஏழும் ஒன்றாக விழும். பெயர் ஏழு, நாணயம் ஒன்று.

இதை நான் கணக்குப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பாவுக்குத் திருக்கடலூர்க் கரையில் மூன்று வள்ளம் இருந்தது. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் கடலுக்குப் போகும் என்று சொல்லுவார், அது பல வருடம் சரியாகவும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது மூன்று வள்ளமும், மூன்று எஞ்சினும், வாடியில் கட்டி வைத்திருந்த வலைகளும் சேர்ந்து போயின. பெரியப்பாவுக்கு அதே கரையில் இரண்டு வள்ளம். அவையும் போயின. ஆனால் அவருக்குக் கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சலில் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அந்த மாசியில் அறுத்த நெல்லை விற்று ஒரு எஞ்சின் வாங்கினார், தெரிந்தவரின் வள்ளத்தில் பங்குக்குப் போனார். அப்பா நிவாரண வள்ளத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். மூன்று வள்ளத்துக்கும் இரண்டு வள்ளத்தோடு ஒரு வயலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த வருடம் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்தில் "இது எதனால் சாகும்?" என்று ஒரு வரி எழுதுங்கள். வட்டி ஏற்றம், ரூபாய் வீழ்ச்சி, சுற்றுலா நிற்பது, ஏற்றுமதிக் கட்டளை குறைவது, மழை பொய்ப்பது. ஒரே காரணம் நாலு தடவை வந்தால் அந்த நாலையும் ஒரு பங்காகவே எண்ணுங்கள்.

நம் நாட்டில் இன்னொரு பெரிய அலையும் உண்டு. 2022 ஜனவரியில் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 13,000 ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் முடியும்போது 8,000 க்குக் கீழே வந்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. பணவீக்கம் செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் முப்பது பங்கு வைத்திருந்தவருக்கும் பெரிய தப்பல் கிடையாது, முப்பதும் ஒரே கரையில் நின்ற வள்ளங்கள். ஓரளவு தாங்கியவை வேறு. ரூபாய் விழ விழ ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. டொலரில் விற்கும் ஏற்றுமதிக் கம்பனிகளின் வருமானம் ரூபாயில் கூடியது. குறுகிய காலத் திறைசேரி உண்டியலில் வைத்திருந்தவர், அது முதிர முதிரப் புதிய வட்டிக்குத் திருப்பிப் போட முடிந்தது. அந்த வருடப் பிற்பகுதியில் அந்த வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. அந்த வருடம் பணவீக்கம் வட்டியை விட வேகமாக ஓடியது உண்மைதான், ஆனாலும் கையில் உடைக்கக்கூடிய காசு இருந்தவர் பாதி விலையில் பங்கு விற்க வேண்டியிருக்கவில்லை.

"ஊரிலேயே இருக்கிற ஆலை, கண்ணால் பார்க்கிற கம்பனி. தெரிந்ததில் போடுவதுதானே நல்லது?"

சீனக்குடாப் பக்கம் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டது. டோக்கியோ சீமெந்தின் ஆலை திருகோணமலையில் இருக்கிறது, அதன் பங்கு கொழும்பில் பட்டியலிடப்பட்டது என்பதால் இந்தக் கேள்வி நம் ஊரில் இயல்பாகவே வரும். அந்தக் கம்பனி நல்லதா கெட்டதா என்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சம்பளமோ, வீட்டுக்காரரின் ஒப்பந்த வேலையோ, நீங்கள் வாடகைக்கு விட்ட அறையோ ஏற்கெனவே ஒரு தொழிலை நம்பி இருந்தால், சேமிப்பையும் அதிலேயே கட்டக் கூடாது. கட்டட வேலை நிற்கும் வருடத்தில் வேலையும் போய், அதே மாதத்தில் பங்கும் விழும். நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவர் ஹோட்டல் பங்கு வாங்குவதும் இதே பிழைதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அறையும் காலி, பங்கும் கீழே.

"அப்ப ஒரு பங்கில் எவ்வளவு போடலாம்? ஒரு தொகை சொல்லுங்கள்."

ஒருவருடைய கணக்கை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிறிது மாற்றியிருக்கிறேன்.

உப்புவெளியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பணிக்கொடையும் சேமிப்புமாக 40 இலட்சம் கையில். மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. மருமகன் ஒருவர் சொல்லி, ஒரு கம்பனியின் பங்கில் 25 இலட்சம் போடத் தீர்மானித்து வந்திருந்தார். சி.ஆர். கொப்பி ஒன்றில், அந்தக் கம்பனியின் ஐந்து வருட இலாபத்தை வருடம் வருடமாகச் சிவப்புக் கோடு போட்டு எழுதியிருந்தார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவது போல அவ்வளவு ஒழுங்கு. நான் அந்தக் கணக்கில் கை வைக்கவே இல்லை. மருமகன் சொன்னது சரியாகவே இருக்கட்டும் என்றேன். "அக்கா, இது பாதியாக விழுந்தால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

பாதியாக விழுந்தால் பன்னிரண்டரை இலட்சம் போகும். 40 இல் மிஞ்சுவது 27.5 இலட்சம். மறுபடி 40 க்கு வர முழுத்தொகையும் 45 வீதம் வளர வேண்டும். அறுபது வயதில் அதற்கு எத்தனை வருடம் காத்திருப்பது? அவர் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நாங்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். முதலில், மூன்று வருடத்துக்குள் கட்டாயம் தேவைப்படும் காசு. கூரை திருத்த, மகளின் செலவுக்கு என்று 10 இலட்சம். அது பங்குப் பக்கம் போகவே கூடாது. மிச்சம் 30 இலட்சம்.

இரண்டாவது, "எவ்வளவு போனால் உங்கள் வாழ்க்கை மாறாது? கவலை வரும், ஆனால் சோறும் மருந்தும் நித்திரையும் கெடாது?" யோசித்து 8 இலட்சம் என்றார். மோசமான காலத்தில் இந்தச் சந்தை ஏறக்குறைய பாதியாகலாம் என்று எடுத்தோம். 2022 இல் நடந்தது 40 வீதத்துக்கு மேல் என்பதால் அது மிகையான பயமில்லை. பாதியாக விழுந்து 8 இலட்சம் போக வேண்டுமானால் பங்கில் இருக்கக்கூடியது மொத்தம் 16 இலட்சம். அதுதான் மேல் எல்லை.

மூன்றாவது, ஒரு தனிக் கம்பனி முற்றாக மூடப்பட்டால் எவ்வளவு தாங்கலாம்? ஒரு இலட்சத்துக்குள் என்றார். சரி, ஒரு கம்பனிக்கு 80,000. 16 இலட்சத்துக்கு அப்படி இருபது கம்பனி வேண்டும், அவ்வளவையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 8 இலட்சத்தைப் பல பங்குகளை ஒன்றாக வாங்கும் ஓர் அலகுப் பொறுப்பாட்சி நிதியத்திலும், 8 இலட்சத்தைப் பத்துக் கம்பனியிலும் போடுவது என்று முடிவு. மருமகன் சொன்ன கம்பனியும் அந்தப் பத்தில் ஒன்று, 80,000 ரூபாய்க்கு. அதாவது அவருடைய மொத்தப் பணத்தில் 2 வீதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவில்லை, ஒன்றரை வருடம் பிரித்து வாங்கினார்.

மீதி 24 இலட்சத்தில் பத்து இலட்சம் திறைசேரி உண்டியலில், மற்றது இரண்டு வங்கியில் ஏழு ஏழு இலட்சமாக நிலையான வைப்பில். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் ஈடு தரும், அதனால்தான் இரண்டு வங்கி.

என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். ஓய்வூதியம் இல்லாதவருக்கு 8 இலட்சம் என்பது 3 இலட்சமாக இருக்கலாம். இருபத்தெட்டு வயதில், இன்னும் முப்பது வருடம் சம்பளம் வரப்போகும் ஒருவர் தாராளமாகவே போடலாம். ஆனால் தொடங்கும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: எவ்வளவு இழக்கலாம் என்பதிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு வாருங்கள்.

"நான் வாங்கிய பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது. இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கட்டுமா?"

உங்கள் எல்லை 80,000 என்றால், 80,000 ஐ ஏற்கெனவே போட்டு முடித்திருந்தால், இல்லை. இப்போது அதன் பெறுமதி 40,000 தானே, இன்னும் 40,000 போட இடம் இருக்கிறதே என்று மனம் சொல்லும். எல்லையைச் சந்தை விலையில் அளக்காமல், உங்கள் பையிலிருந்து போன காசில் அளவிடுங்கள். இல்லாவிட்டால் விழுந்துகொண்டே போகும் ஒரு பங்கு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடமிருந்து ஐந்து இலட்சம் வாங்கிவிடும். நல்ல பங்கு இடையில் விழுவது உண்டு. செத்துப்போகும் பங்கும் முதலில் அப்படித்தான் விழும். விழும்போது இரண்டையும் வெளியில் நின்று பிரித்தறிய முடியாது, அதனால்தான் எல்லையை விழுவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

தரகரிடம் கடன் எடுத்துச் சராசரி குறைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். விலை மேலும் விழுந்தால் உங்களைக் கேட்காமலே விற்பார்கள், அதுவும் மிகக் கீழான விலையில்.

"பங்குதானே, காசு தேவைப்பட்டால் அடுத்த நாளே விற்றுவிடலாம்தானே?"

பெரிய கம்பனிகளில் முடியும். கொழும்பில் பட்டியலில் இருக்கும் பல சிறிய கம்பனிகளில் முடியாது. சில பங்குகளில் ஒரு நாள் முழுவதும் கைமாறுவது சில ஆயிரம் ரூபாய் மட்டும். நீங்கள் அதில் பத்து இலட்சம் வைத்திருந்தால் திரையில் தெரியும் விலை உங்களுக்கு உரிய விலை கிடையாது. விற்கப் போனால் உங்கள் விற்பனையே விலையை இறக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் அந்தப் பங்கின் தினசரிப் புரள்வைப் பாருங்கள். மோசமான நாட்களை எண்ணுங்கள், நல்ல நாளைப் பார்க்க வேண்டாம். நீங்கள் வைத்திருக்கப் போகும் தொகையை விற்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் போலத் தெரிந்தால், தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 20 தொடக்கம் மே 11 வரை சந்தையே மூடியிருந்தது, அப்போது பெரிய கம்பனிப் பங்கையும் விற்க வழி இருக்கவில்லை. மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் காசைத் தனியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பத்தில் ஒன்று மட்டும் நன்றாக ஏறி, எல்லாவற்றையும் விடப் பெரிதாகிவிட்டது. விற்பதா, விடுவதா?"

இதற்கு ஒழுங்கான ஒரு விடை கிடையாது, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நூறில் நாலு பங்குதான் எல்லாவற்றையும் தூக்குகிறது என்று முதலில் சொன்னேன். அந்த நாலில் ஒன்று கையில் அகப்பட்டபோது, கொஞ்சம் ஏறியவுடன் விற்றால் பிரித்துப் போட்டதன் பலனே போய்விடும். மறுபக்கம், அது மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்துவிட்டால் நாம் மறுபடியும் அப்பாவின் கரையில் நிற்கிறோம்.

நான் செய்வது இது. பங்குக்கு ஒதுக்கிய பணத்தில் 5 வீதமாகத் தொடங்கிய ஒன்றை 15 வீதம் வரை வளர விடுவேன். அதற்கு மேல் போனால் 15 க்கு வரும் வரை விற்பேன், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகுக் கூலியும் வரிகளுமாக ஒவ்வொரு தடவையும் ஒரு வீதத்துக்குச் சற்று மேல் போகிறது, அடிக்கடி சமப்படுத்தினால் அதுவே லாபத்தைத் தின்றுவிடும். புதிதாகப் போடும் காசு இருந்தால் விற்காமலே சமப்படுத்தலாம். பெரிதாகிவிட்டதை அப்படியே விட்டுவிட்டு, புதுக் காசைச் சிறியவற்றில் போடுங்கள்.

"என் மச்சான் 2009 இல் ஒரே பங்கில் எல்லாக் காசையும் போட்டு வீடே கட்டிவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மச்சானுக்கு நல்லது நடந்தது, சந்தோஷம். ஆனால் அந்தக் காலத்தைப் பாருங்கள். 2008 முடியும்போது 1,500 அளவில் இருந்த சுட்டி, யுத்தம் முடிந்த பிறகு ஏறி 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தொட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த இரண்டு வருடத்தில் இருபது பங்கு வாங்கிப் பிரித்து வைத்தவரும் வீடு கட்டியிருப்பார். மச்சானின் தெரிவை விட, அவர் உள்ளே வந்த காலம்தான் பெரிய வேலை செய்தது.

அதே கதையைக் கேட்டு 2011 தொடக்கத்தில் நகையை அடகு வைத்து ஒரே பங்கில் போட்டவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். 2012 நடுவில் சுட்டி 5,000 க்குக் கீழே வந்துவிட்டது. தனிப் பங்குகள் பல அதை விட ஆழமாக விழுந்தன, சில இன்று வரை அந்த விலையைக் காணவில்லை. அவர்களில் ஒருவர் எனக்கு மிக நெருங்கியவர். அவருடைய மனைவியின் தாலிக்கொடி ஏலத்துக்குப் போகாமல் தப்பியது, அவர் அரைவாசிக் காசை ஒரு சீட்டில் போட்டு வைத்திருந்ததால்தான்.

"எனக்கு மாதம் ஐயாயிரம்தான் மிஞ்சும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பொருந்துமா?"

பொருந்தும், இன்னும் இலகுவாக. ஐயாயிரத்தைப் பத்துக் கம்பனிக்குப் பிரிக்கப் போக வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கான காசு சேரும் வரை வங்கியில் போடுங்கள். அதற்குப் பிறகு மாதம் மூவாயிரத்தைப் பங்குச் சந்தையின் பெரும்பகுதியை வாங்கும் ஓர் அலகுப் பொறுப்பாட்சிக்கும், இரண்டாயிரத்தைத் திறைசேரி உண்டியலில் போடும் ஒன்றுக்கும் அனுப்புங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த நிதியத்தின் மாதாந்த அறிக்கையை எடுத்து, முதல் பத்துப் பங்குகளில் எத்தனை வீதம் இருக்கிறது, ஒரே துறையில் எத்தனை வீதம் இருக்கிறது, முகாமைக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். முதல் பத்துக்குள் ஆறு வங்கியாக இருந்தால் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.